காபியால ஒத்தத் தலைவலி வருதா, போகுதா: அவங்கவங்க கணக்க அவங்களே கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில ஒரு மருந்துக்கடையில நிக்கேன், எனக்கும் ஒத்தத் தலைவலி உண்டு, அதனால இந்த விஷயத்துல ரெண்டு விதமான பேச்ச தெனமும் கேக்கேன். ஒருத்தர் வந்து "அண்ணாச்சி, ஒரு ஸ்ட்ராங் காபி உள்ள போனாத்தான் எனக்கு மண்ட வலியே விடுது"ன்னு சொல்லுவாரு. அடுத்து வாறவங்க "காபியாலதான் வருதுன்னு விட்டுட்டேன், விட்ட மறுநாளு தலைய தூக்க முடியல"ன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரு சொல்லுறதும் நிசந்தான். ஒரே ஆளுக்கே ரெண்டும் நடக்கும், அதுலதான் எல்லாரும் குழம்புதாங்க.

புதுசா இத கண்டுபிடிக்க இறங்குறவங்க செய்ற மொத வேலையே காபிய பட்டுன்னு நிறுத்துறது. அங்கயே கணக்கு கெட்டுப்போகுது. நிறுத்துறது இந்த வரிசையில கடைசி பக்கம் வர வேண்டிய வேலை. ஏன்னு ஒவ்வொண்ணா சொல்லுதேன்.

1. மொதல்ல இது ஒத்தத் தலைவலிதானான்னு பாருங்க

ஒத்தத் தலைவலின்னா பொதுவா ஒரு பக்கமா, நாடி துடிக்கிற மாதிரி விண்ணு விண்ணுன்னு வலிக்கும், மாடிப்படி ஏறினா கூடும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மருந்து எதுவும் எடுக்காம விட்டா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் நிக்கும். இது எல்லாமே எல்லாருக்கும் இருக்கணும்னு இல்ல, சிலருக்கு ரெண்டு பக்கமும் வலிக்கும்.

காபி கெடைக்காததால வர்ற தலைவலி பெரும்பாலும் வேற மாதிரி. ரெண்டு பக்கமும் கனமா அழுத்தும், தூக்கக் கலக்கம், எரிச்சல், ஒரு வேலையில மனசு நிக்காது. ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, ஒத்தத் தலைவலி உள்ள ஆளுக்கு இந்தக் கனமான வலி ஆரம்பிச்சு அப்படியே கொஞ்ச நேரத்துல நெசமான ஒத்தத் தலைவலியா மாறிடும். அதனால வலி எப்படி ஆரம்பிச்சுதுங்கிறத கவனிக்கிறது ரொம்ப முக்கியம், முத்துன பெறகு பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும்.

இன்னொண்ணு. இதுவரைக்கும் இல்லாத வேகத்துல திடீர்னு வந்த தலைவலி, கை கால் வெலங்காம போறது, பேச்சு குழறுறது, பார்வை போறது, காய்ச்சலோட கழுத்து வெறச்சு வலிக்கிறது, தலையில அடிபட்ட பெறகு வர்றது, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கிறது, கர்ப்பமா இருக்கும்போது புதுசா வர்றது, இதுல எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியோ பக்கத்துல உள்ள ஆஸ்பத்திரியோ அன்னைக்கே போயிருங்க.

2. காபி தலைக்குள்ள செய்ற வேல

இத கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா மிச்ச படிக்கெல்லாம் காரணம் தானா வெளங்கும். நாம முழிச்சிருக்கிற நேரம் பூரா மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேந்துக்கிட்டே வரும், அதுதான் அசதியையும் தூக்கத்தையும் கொண்டாருது, மூளையோட ரத்தக்குழாயையும் விரிக்குது. காபியில உள்ள காஃபின் என்ன செய்யுதுன்னா, அடினோசின் உக்கார வேண்டிய சீட்டுல பஸ்ஸுல துண்டு போட்ட மாதிரி இடம் புடிச்சுக்கிடுது. அதனால அசதி தெரியாது, விரிஞ்ச குழாயும் கொஞ்சம் சுருங்குது. தலைவலி விடுதுன்னு சொல்லுறவங்க சொல்லுறது பொய் இல்ல.

ஆனா தெனமும் குடிச்சா மூளை சும்மா இருக்காது, கூடுதலா சீட்டு போட்டுக்கிடும். அப்புறம் ஒரு நாள் காபி வரலன்னா அத்தன சீட்டுலயும் அடினோசின் வந்து உக்காந்திடும், குழாய் வழக்கத்த விட அதிகமா விரியும், தலை வலிக்கும். கடைசி காபி குடிச்சு 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள இது ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்கு போகும், 2 நாள்ல இருந்து 9 நாள் வரைக்கும் இழுக்கலாம். தெனமும் 200 மில்லிகிராமுக்கு மேல காஃபின் எடுத்துக்கிட்டு இருக்கவங்களுக்குத்தான் இது நல்லா தெரியும், ஆனா 100 மில்லிகிராம் அளவுல குடிக்கிறவங்களுக்கும் வரும்.

இப்ப பாருங்க, ராத்திரி தூங்குற நேரமே ஒரு பெரிய இடைவெளி. சாயந்தரம் 4 மணிக்கு கடைசி காபி, காலைல 5 மணிக்கு அடுத்த காபின்னா அதுவே 13 மணி நேரம். தெனமும் விளிம்புல நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம், ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கூட படுத்தா விளிம்ப தாண்டிருதோம்.

3. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எடுத்து வைக்க வேண்டியது

அடுக்களையில பால் கணக்கு குறிக்கிற மாச காலண்டர் மாதிரி கட்டம் பெருசா உள்ள ஒண்ணு வாங்கி, கூடவே ஒரு பேனாவ நூல்ல கட்டி தொங்க விடுங்க. போன்ல குறிச்சாலும் சரி, ஆனா வலி வந்த நேரத்துல போன் வெளிச்சத்த பாக்கவே முடியாது, அதனால காகிதந்தான் நிக்குது.

அடுத்தது உங்க காபியோட அளவு. இங்கதான் எல்லாரும் ஏமாறுதாங்க, "நான் ரெண்டு காபிதான் குடிக்கேன்"னு சொல்லுவாங்க, அந்த ரெண்டும் எவ்வளவுன்னு தெரியாது. ஒரு வீட்டு கணக்க போட்டுப் பாப்போம். பில்டர்ல 20 கிராம் பொடி போடுதாங்க, பாக்கெட்டுல சிக்கரி 20 சதவீதம்னு போட்டிருக்கு. சிக்கரியில காஃபினே கிடையாது, அப்ப காபி 16 கிராம்தான். அராபிகா கொட்டையில 100 கிராமுக்கு ஏறக்கொறைய 1.2 கிராம் காஃபின், ரோபஸ்டால கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, 2.2 கிராம் போல. பாதிக்குப் பாதி கலந்த பொடின்னு வச்சா 16 கிராம்ல 270 மில்லிகிராம் கிட்ட வரும். எல்லாம் டிகாக்‌ஷன்ல எறங்காது, 220ன்னு வைங்க. அத நாலு டம்ளரா கலந்தா டம்ளருக்கு 55, ரெண்டு டம்ளரா கெட்டியா கலந்தா 110. ரெண்டு வீட்டுலயும் "ரெண்டு காபி"ன்னுதான் சொல்லுவாங்க, ஆனா ஒருத்தருக்கு 110, இன்னொருத்தருக்கு 220.

இது துல்லியமான கணக்கு இல்ல, துல்லியம் தேவையும் இல்ல. தேவை என்னன்னா ஒரே பொடி, ஒரே கரண்டி, ஒரே டம்ளர். பொடிய எழுதுற காலத்துல மாத்தாதீங்க. சிக்கரி நெறமும் கசப்பும் குடுக்கும், அதனால சிக்கரி கூடுன காபி கண்ணுக்கும் நாக்குக்கும் ஸ்ட்ராங்காத்தான் தெரியும், காஃபின் கம்மியா இருக்கும். கடை மாறினா உங்களுக்கே தெரியாம அளவு மாறிப்போகும். ரெண்டாந் டிகாக்‌ஷன் காபியயும் தனியா குறிங்க, அதுல காஃபின் கொறவு.

நம்ம ஊர்ல இன்னொரு குழப்பம் பேருல. கருப்பட்டி காபின்னா காபிப்பொடி உண்டு, சீனிக்குப் பதிலா கருப்பட்டி, அவ்வளவுதான். கடுங்காபி பால் இல்லாத காபி, காஃபின் அப்படியே இருக்கும். சுக்கு காபியில சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டிதான், காஃபின் கிடையாது, ஆனா சில டீக்கடையில நெறத்துக்காக ஒரு சிட்டிக காபிப்பொடி போடுதாங்க, கேட்டுக்கோங்க. சளிக்குன்னு ரெண்டு நாள் காபிய விட்டுட்டு சுக்கு காபி மட்டும் குடிச்சிட்டு, "சளியால தலைவலி"ன்னு கடைக்கு வாறவங்க உண்டு. பாதி வலி காபி இல்லாததால வந்திருக்கும். டீயிலயும் காஃபின் உண்டு, ஒரு கிளாஸ்ல 30ல இருந்து 50 மில்லிகிராம் போல, அதையும் சேத்துத்தான் எழுதணும்.

4. ஆறு வாரம், எதையும் மாத்தாம எழுதுங்க

இந்த ஆறு வாரமும் நீங்க வழக்கமா எப்படி குடிக்கீங்களோ அப்படியே குடிங்க. கொறைக்கவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம். காரணம், இப்ப மாத்துனா வர்ற வலி காபியால வந்ததா, காபி கொறஞ்சதால வந்ததான்னு பிரிக்கவே முடியாது. ஆறு வாரம் எதுக்குன்னா, மாசத்துல நாலஞ்சு தடவ வலி வர்றவங்களுக்கு அதுக்குக் கம்மியா எழுதுனா ஒண்ணும் தெரியாது, பொம்பளைங்களுக்கு ஒரு மாதவிலக்காவது முழுசா உள்ள வரணும், ரெண்டு வந்தா நல்லது.

ஒவ்வொரு கட்டத்துலயும் அஞ்சு விஷயம் போதும்: மொத காபி எத்தன மணிக்கு, மொத்தம் எத்தன டம்ளர், கடைசி காபி எத்தன மணிக்கு, தூக்கம் எத்தன மணி நேரம், வலி உண்டா இல்லையா. வலி இருந்தா ஆரம்பிச்ச நேரமும், எடுத்த மாத்திரையும். மாதவிலக்கு நாள்ல ஒரு புள்ளி வைங்க. வெயில்ல அலஞ்சது, சாப்பாடு தப்புனது இருந்தா ஒரு வார்த்த.

இங்க நான் அதிகமா பாக்குற தப்பு, வலி வந்த நாள மட்டும் எழுதுறது. நோட்ட கொண்டாந்து காட்டுவாங்க, பத்து தலைவலி, பத்துலயும் காபி. ஆமா, தெனமும் காபி குடிக்கிற ஆளுக்கு பத்துலயும் காபி இருக்கத்தானே செய்யும்! வலி இல்லாத நாள்ல என்ன நடந்துதுன்னு தெரிஞ்சாத்தான் அது காரணமா இல்லையான்னு சொல்ல முடியும். வலி இல்லாத நாளும் கட்டம் நெறையணும்.

ரெண்டாவது தப்பு, ராத்திரி மொத்தமா நெனவு படுத்தி எழுதுறது. வலி வந்த பெறகு நம்ம மனசு காரணம் தேடும், அப்ப காபி நேரம் தானா நகந்து போயிரும். டம்ளர கழுவி வைக்கும்போதே குறிச்சிருங்க.

5. கொட்டாவி முந்தியா, காபி முந்தியா

இது தனி தலைப்பு போட்டு எழுத வேண்டிய விஷயம், ஏன்னா காபி மேல தப்பா பழி விழுறது பாதி இங்கதான்.

ஒத்தத் தலைவலி வலியோட ஆரம்பிக்கிறது இல்ல. சில மணி நேரம் முன்னாடியே, சிலருக்கு ரெண்டு நாள் முன்னாடியே, உள்ள வேலை ஆரம்பிச்சிருக்கும். கொட்டாவி கொட்டாவியா வரும், அசதியா இருக்கும், கழுத்து புடிக்கும், இனிப்பு கேக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு போகும், எடுத்ததுக்கெல்லாம் கோவம் வரும். அசதியா இருந்தா நாம என்ன செய்வோம், எழுந்து போயி ஒரு காபி போடுவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு வலி வருது. நமக்கு நெனவுல நிக்கிறது காபிதான், கொட்டாவி இல்ல. "அந்த மத்தியான காபிதான் இழுத்து விட்டுட்டு"ன்னு சொல்லுவோம், ஆனா அந்த காபிய குடிக்க வச்சதே தலைவலிதான்.

பிரிக்கிறதுக்கு வழி சுலபம். வழக்கத்துக்கு மேல ஒரு காபி குடிக்கணும்னு தோணுச்சுன்னா, அடுப்ப பத்த வைக்க முன்னாடி காலண்டர்ல "கொ"ன்னோ "க"ன்னோ குறிங்க, கொட்டாவிக்கும் கழுத்துக்கும். ஒண்ணும் இல்லாம விருந்தாளி வந்ததால குடிச்சீங்கன்னா "வி"ன்னு போடுங்க. ஆறு வாரம் கழிச்சு பாருங்க, "கொ" போட்ட கூடுதல் காபிக்குப் பெறகு மட்டும் வலி வந்து, "வி" போட்ட காபிக்குப் பெறகு வரலன்னா காபி மேல குத்தம் இல்ல. ரெண்டுக்கும் பெறகு வந்தா அளவு உங்களுக்கு ஒத்துக்கலன்னு சந்தேகப்படலாம்.

6. கணக்கு பாக்குற விதம்: ஒரு ஆளோட காலண்டர்

எங்க மைனி அம்பாசமுத்திரம் பக்கம் டீச்சரா இருக்காவ. அவ்வொ சம்மதத்தோட அந்த ஆறு வார காலண்டர இங்க வைக்கேன், எப்படி படிக்கணும்னு காட்டுறதுக்கு.

பள்ளிக்கூட நாள்ல காலைல 5.30க்கு ஒரு டம்ளர், சாயந்தரம் 4.30க்கு ஒரு டம்ளர். ஞாயித்துக்கிழமை மட்டும் 8.30க்குத்தான் மொத காபி. 42 நாள்ல 7 தலைவலி. அவ்வொ ஆரம்பத்துல சொன்னது "எனக்கு மத்தியானம் கூட ஒரு காபி குடிச்சா வந்திருது"ன்னு.

நாள்கள ரெண்டா பிரிச்சோம். மொத காபி தள்ளிப்போன நாள் 8: ஆறு ஞாயிறு, ஒரு லீவு நாள், ஒரு சஷ்டி விரதம். மிச்சம் 34 நாளும் 5.30 காபி. தள்ளிப்போன 8 நாள்ல 4 நாள் வலி, மூணு ஞாயிறும் அந்த சஷ்டியும். நேரத்துக்கு குடிச்ச 34 நாள்ல 3 நாள் வலி. பாதிக்குப் பாதி ஒரு பக்கம், பத்துல ஒண்ணு கூட இல்ல இன்னொரு பக்கம். 4 பெருசா 3 பெருசான்னு பாத்தா வித்தியாசமே தெரியாது, எத்தன நாள்ல எத்தனன்னு பாக்கணும், இத விட்டுட்டா முழு எழுத்தும் வீண்.

மிச்சம் மூணு வலிக்கு வருவோம். அதுல ரெண்டு நாள் மத்தியானம் கூடுதல் காபி குடிச்சிருக்காவ, அவ்வொ சந்தேகப்பட்டது அதத்தான். ஆனா ரெண்டு நாளும் காபிக்கு முன்னால "கொ" இருக்கு, ரெண்டும் மாதவிலக்குக்கு முந்தின நாள். காபி பின்னால வந்தது. மூணாவது, வெயில்ல நின்னு மத்தியான சாப்பாடும் தப்புன நாள், காபி வழக்கம் போலத்தான்.

அப்ப இவ்வொளுக்கு காபி கூடுறதால வரல, காபி லேட்டாறதால வருது. பள்ளிக்கூட நாள்ல இடைவெளி 13 மணி நேரம், ஞாயித்துக்கிழம 16. விரத நாள்ல கேக்கவே வேண்டாம். மேலப்பாளையத்துல இருந்து வாறவங்க ரம்சான் நோம்பு மொத ரெண்டு மூணு நாள் தலைவலிக்கு மாத்திர கேக்குறதும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். வெறும் வயித்துல ரத்த டெஸ்டுக்கு ஆஸ்பத்திரியில காத்துக் கெடக்கிற நாளும் அப்படித்தான்.

ஆனா இது இன்னும் முடிவு இல்ல, சந்தேகந்தான். ஞாயித்துக்கிழம காபி மட்டுமா லேட்டாகுது, தூக்கமும் கூடுது, காலைச் சாப்பாடும் பத்து மணி ஆகுது. அதனாலதான் அடுத்த படி.

7. ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க

மைனி அடுத்த ஆறு வாரம் செஞ்சது: ஞாயித்துக்கிழமையும் 5.30க்கு அலாரம், அர டம்ளர் காபி, வேணும்னா திரும்ப படுத்துக்கிடுறது. சாப்பாடு வழக்கம் போல லேட்டுதான், அத தொடல. சஷ்டிக்கு காபி மட்டும் விடியக்காலைல குடிச்சிட்டு விரதம் இருந்தாவ. ஆறு ஞாயித்துல ஒண்ணுலதான் வலி, சஷ்டியில வரல. மாதவிலக்குக்கு முந்தின வலி ரெண்டும் அப்படியே வந்துச்சு.

அப்பவும் ஒரு கேள்வி நிக்குது, 5.30க்கு முழிச்சதுதான் காரணமோ? அதுக்கு எதிர்ப்பக்கமா ஒரு சோதனை. மூணு ஞாயிறு 5.30க்கே எழுந்து காபிய மட்டும் 8.30க்கு தள்ளிப் பாத்தாவ. ரெண்டு ஞாயித்துல 8 மணி வாக்குல தல கனத்துச்சு, ஒரு டம்ளர் குடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள போயிட்டு. தவறிப்போன காபிய குடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள முழுசா விட்டா அது காபி இல்லாததால வந்த வலின்னு டாக்டர்களும் எடுத்துக்கிடுற அடையாளம்.

ரெண்டு விஷயத்த சேத்து மாத்துறதுதான் இந்த படியில எல்லாரும் செய்ற தப்பு. காபிய நேரத்துக்கு குடிச்சு, யோகாவும் ஆரம்பிச்சு, சாக்லேட்டும் விட்டு, தலைவலி கொறஞ்சா எது கொறச்சுதுன்னு தெரியாது, அப்ப மூணையும் காலம் பூரா கட்டிக்கிட்டு அழணும்.

8. உங்க காலண்டர் அளவத்தான் காட்டுதுன்னா, மெதுவா கொறைங்க

கூடுதலா குடிச்ச நாள்ல, கொட்டாவிக் குறி இல்லாமலே, வலி கூடுதலா வருதுன்னா அளவு பிரச்சன. அமெரிக்காவுல 98 ஒத்தத் தலைவலிக்காரங்க ஆறு வாரம் தெனமும் குறிச்சு வச்சத வச்சு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒண்ணு ரெண்டு கப் குடிச்ச நாள்ல தலைவலி கூடல, மூணும் அதுக்கு மேலயும் போன நாள்ல கூடுச்சு. எப்பவாவது குடிக்கிறவங்களுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டே ஒத்துக்காம போகலாம்னு தெரிஞ்சுது. அதனால தெனமும் குடிக்கிறவங்க 200 மில்லிகிராமுக்குள்ள, தெனமும் ஒரே அளவா, மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெறகு இல்லாம நிறுத்திக்கிடுறது நல்ல எல்ல. காஃபின்ல பாதி ஒடம்ப விட்டுப் போக அஞ்சு மணி நேரம் போல ஆகும், கர்ப்பத்தடை மாத்திர எடுக்கிறவங்களுக்கு அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூட. சாயந்தர காபி தூக்கத்த கெடுக்கும், கெட்ட தூக்கம் மறுநாள் வலிய கொண்டாரும், அத காலை காபி மேல போடக்கூடாது. சாயந்தர காபிய முன்னால இழுக்கிறதா இருந்தா காலை வரைக்கும் உள்ள இடைவெளி கூடும், அதனால அதையும் கால் மணி அர மணியா நகத்துங்க.

கொறைக்கிறது வாரத்துக்கு கால் பங்கு, அதுக்கு மேல வேண்டாம். பால் அளவு அப்படியே இருக்கட்டும், டிகாக்‌ஷன மட்டும் கொறைங்க. இன்னொரு நல்ல வழி, பொடி அரைக்கிற கடையிலயே சிக்கரிய கூட்டச் சொல்லுறது. 20 சதவீதத்துல இருந்து 30, அப்புறம் 40. மேல சொன்ன 20 கிராம் கணக்குல 40 சதவீதத்துக்கு வரும்போது டம்ளருக்கு 55 இருந்தது 40 ஆகும், நாக்கு அவ்வளவா கண்டுபிடிக்காது. விதிப்படி கலப்புப் பொடியில காபி 51 சதவீதத்துக்கு கொறையக்கூடாது, அதனால அதோட அந்த வழி முடியும், பெறகு டம்ளர் எண்ணிக்கையத்தான் கொறைக்கணும்.

முழுசா விட்டுப் பாக்கணும்னா இப்படி அடி வரைக்கும் எறங்குன பெறகு விடுங்க. விட்ட மொத ஒம்பது பத்து நாள கணக்குலயே சேக்காதீங்க, அந்த வலி விட்டதோட வலி. அதுக்குப் பெறகு ஆறு வாரம் எழுதி, மொத ஆறு வாரத்தோட ஒப்பிடுங்க. நாலாவது நாளே "விட்டதும் கூடிட்டு, காபி எனக்கு மருந்து"ன்னு முடிவு கட்டி திரும்பப் போறவங்கதான் அதிகம்.

9. வலி வந்த பெறகு காபி உதவுதான்னு பாக்க

இது மேல உள்ளதெல்லாம் முடிஞ்ச பெறகு. ஏன்னா தெனமும் நாலு டம்ளர் குடிக்கிற ஆளுக்கு அஞ்சாவது டம்ளர் வலிக்கு பெருசா ஒண்ணும் செய்யாது.

வலி ஆரம்பிச்ச அர மணி நேரத்துக்குள்ள, டாக்டர் எழுதுன பாரசிட்டமாலோ ஐபுபுரோஃபனோ எடுக்கும்போது ஒரு தடவ தண்ணியோட, அடுத்த தடவ கெட்டியான ஒரு காபியோட எடுங்க. மாத்திர எடுத்து சரியா 2 மணி நேரம் கழிச்சு வலிக்கு பத்துக்கு எத்தனன்னு மார்க் போடுங்க. தண்ணி ஒரு மூணு நாலு தடவ, காபி ஒரு மூணு நாலு தடவ. சீக்கிரம் எடுக்கணும்னு சொல்லுறதுக்கு காரணம், ஒத்தத் தலைவலி முத்துனா வயிறு மந்தமாகி எதையும் உள்ள இழுக்காது. எதிர்பார்ப்பையும் அளவா வைங்க. மாத்திரையோட 100 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் காஃபின் சேத்துக் குடுத்த சோதனைகள்ல, நூத்துக்கு 5ல இருந்து 10 பேருக்குத்தான் கூடுதலா பலன் தெரிஞ்சுது. அந்தப் பத்துல நீங்க உண்டான்னு உங்க மார்க்குதான் சொல்லும்.

வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல காபிய மருந்தா எடுக்காதீங்க, எடுத்தா அது தெனப்படி காபியா மாறி, அடுத்த இடைவெளியில அதுவே வலிய கொண்டாரும்.

10. மாத்திர அட்டைய திருப்பிப் பாருங்க

கடையில தலைவலி மாத்திரன்னு கேட்டு வாங்குறதுல பலதுலயும் காஃபின் கலந்திருக்கு. சிலதுல 50 மில்லிகிராம், ஒத்தத் தலைவலிக்குன்னே உள்ள எர்காட் மாத்திரைகள்ல 100. அட்டைக்குப் பின்னால அளவு அச்சடிச்சிருக்கும், படிச்சு அதையும் காலண்டர்ல காபியா எண்ணணும். "நான் காபியே தொடுறதில்ல"ன்னு சொல்லிட்டு தெனமும் ரெண்டு மாத்திர போடுறவங்கள பாக்கும்போது எனக்கு பதறுது, ஏன்னா அவங்களுக்கு மாத்திர நிக்கிற நேரம் வலி, வலிக்கு திரும்ப மாத்திரன்னு ஒரு சுத்து ஓடிக்கிட்டு இருக்கும். இப்படி கலப்பு மாத்திரைய மாசத்துல 10 நாளோ அதுக்கு மேலயோ, வெறும் பாரசிட்டமால 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல எடுத்தா மாத்திரையாலயே தலைவலி வரும். உங்க காலண்டர்ல மாத்திர நாள் அந்த எண்ணிக்கைய நெருங்குனா காபி கணக்க ஓரமா வச்சிட்டு டாக்டர்ட்ட போங்க, அந்தச் சுத்த அறுக்காம காபிய எவ்வளவு மாத்தினாலும் ஒண்ணும் தெரியாது. எர்காட் மாத்திரைய கர்ப்பிணிகளும் இருதய நோய் உள்ளவங்களும் தொடவே கூடாது.

போகும்போது காலண்டரையே கிழிச்சு கொண்டு போங்க. மாசத்துக்கு எத்தன நாள் வலி, எத்தன நாள் மாத்திர, வழக்கமான காபி எவ்வளவு, காபி தள்ளிப்போன நாள்ல எத்தனல வலி, இந்த நாலு எண்ணிக்கையும் மேல தனியா எழுதி வச்சிட்டீங்கன்னா, கூட்டத்துல கெடைக்கிற அஞ்சு நிமிஷத்துலயே டாக்டருக்கு வேண்டியது கையில இருக்கும், மாசத்துல நாலு நாளுக்கு மேல வலி வருதுன்னா தடுப்பு மருந்து தேவையான்னும் அப்பவே கேட்டிடுங்க.